ஒரு இட்லியில் எத்தனை கலோரி? அரிசியையும் உளுந்தையும் எடை போட்டுக் கணக்கிடும் முறை

இட்லிக்கு எத்தனை கலோரி என்று நாலு பேரிடம் கேட்டால் நாலு பதில் வரும். ஒருவர் 35 என்பார், இன்னொருவர் 80 என்பார். இருவருமே சரியாகச் சொல்லியிருக்கலாம். ஒரு வீட்டு இட்லி உள்ளங்கைக்குள் அடங்கும், இன்னொரு வீட்டு இட்லி தட்டில் பாதியை அடைக்கும். ஒரு வீட்டில் மாவு இளக்கமாக இருக்கும், இன்னொரு வீட்டில் கரண்டியிலிருந்து விழவே யோசிக்கும். அதனால் பொதுவான ஒரு எண்ணை எடுத்துக்கொண்டு காலையில் நாம் தின்ற இட்லியைக் கணக்கிட முடியாது. நம் வீட்டு மாவுக்கு நாமே ஒருமுறை கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு சின்ன டிஜிட்டல் தராசும், மாவு அரைக்கும் நாளில் கூடுதலாக ஐந்து நிமிடமும் போதும்.

இந்தக் கணக்கு எதன்மேல் நிற்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். இட்லிக்குள் இருப்பது அரிசி, உளுந்து, கொஞ்சம் வெந்தயம், உப்பு, நிறையத் தண்ணீர். தண்ணீருக்கும் உப்புக்கும் கலோரி கிடையாது. ஊறும்போது தானியம் தண்ணீர் குடிக்கிறது, அரைக்கும்போது இன்னும் கொஞ்சம் சேர்க்கிறோம், வேகும்போது ஆவி சிறிது உள்ளே போகிறது அல்லது வெளியே வருகிறது. எடை மாறிக்கொண்டே போனாலும் கலோரி மாறுவதில்லை. ஆக, காய்ந்த அரிசியையும் உளுந்தையும் அளந்து எடுத்த அந்த நிமிடமே மொத்தக் கலோரி முடிவாகிவிடுகிறது. அதற்குப் பிறகு நாம் செய்வதெல்லாம் பங்கு பிரிப்பது மட்டும்தான்.

புளிக்கும்போது கலோரி குறையாதா என்று ஒரு சந்தேகம் வரும். மாவிலுள்ள நுண்ணுயிர்கள் கொஞ்சம் சர்க்கரையைத் தின்று வாயுவாகவும் அமிலமாகவும் மாற்றுகின்றன. வாயு மாவைப் பொங்க வைக்கிறது, அமிலம் புளிப்பைத் தருகிறது. ஆனால் அவை தின்பது மொத்த மாவில் மிகச் சிறிய பங்கு. உண்டாகும் அமிலத்திலும் நம் உடல் எடுத்துக்கொள்ளும் ஆற்றல் இருக்கிறது. ஆகவே வீட்டுக் கணக்கில் இதை விட்டுவிடலாம்.

சரி, முதல் வேலை ஊறப்போடுவதற்கு முன்பு நடக்க வேண்டும். தராசின்மேல் காலிக் கிண்ணத்தை வைத்து TARE பொத்தானை அழுத்தினால் 0 காட்டும். அதில் அரிசியைக் கொட்டி எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். உளுந்துக்கும் அப்படியே. கழுவுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். கழுவி வடித்த அரிசியில் ஒட்டியிருக்கும் தண்ணீரும் எடையில் சேர்ந்துவிடும். ஆழாக்கிலோ டம்ளரிலோ அளந்து பழகியவர்கள் பழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை. தலை தட்டிய ஒரு டம்ளர் அரிசி எத்தனை கிராம், உளுந்து எத்தனை கிராம் என்று ஒரே ஒருமுறை எடை போட்டு எழுதி வைத்துக்கொண்டால் போதும். ஆனால் எப்போதும் தலை தட்டியே அளக்க வேண்டும். எங்கள் வீட்டில் உளுந்தை மட்டும் கோபுரமாக அளப்பது வழக்கம். அந்தக் கோபுரத்தின் உயரம் அளக்கும் ஆளைப் பொறுத்தது.

இனி இந்த வாரம் நான் அரைத்த மாவையே எடுத்துக்கொள்கிறேன். இட்லி அரிசி 400 கிராம், தோல் நீக்கிய முழு உளுந்து 100 கிராம், வெந்தயம் 5 கிராம்.

இவற்றின் கலோரிக்கு ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவுப் பட்டியலை வைத்துக்கொள்ளலாம். அதன்படி 100 கிராம் சமைக்காத புழுங்கல் அரிசிக்குச் சுமார் 352 கலோரி, தோல் நீக்கிய உளுந்துக்குச் சுமார் 324 கலோரி. பேச்சில் நாம் கலோரி என்று சொல்வதைத்தான் பாக்கெட்டுகளில் kcal என்று போட்டிருப்பார்கள், இரண்டும் ஒன்றே. உங்கள் அரிசி பாக்கெட்டில் 345 என்றோ 350 என்றோ இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம்.

அரிசி: 400 × 3.52 = 1408
உளுந்து: 100 × 3.24 = 324
வெந்தயம்: ஏறக்குறைய 15
மொத்தம்: 1747 கலோரி

உளுந்துக்கு வேறு பட்டியல்களில் 340-க்கு மேலும் பார்க்கலாம். நார்ச்சத்தை எப்படிக் கணக்கில் எடுத்தார்கள் என்பதைப் பொறுத்து எண் கொஞ்சம் மாறும். அதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 347 என்றே வைத்தாலும் இந்த மாவில் கூடுவது 23 கலோரிதான். அதை 29, 30 இட்லிக்குப் பிரித்தால் ஒரு இட்லிக்கு 1 கலோரிகூட வராது. எந்தப் பட்டியல் என்பதைவிடத் தராசை ஒழுங்காகப் பார்த்தோமா என்பதுதான் இங்கே விடையை மாற்றும்.

அடுத்து மாவின் எடை. பெரும்பாலோர் விட்டுவிடும் இடம் இதுதான். மாவைக் கரைத்து வைக்கப்போகும் பாத்திரத்தை, காலியாக இருக்கும்போதே எடை போட்டு எங்காவது எழுதி வையுங்கள். நான் பாத்திரத்தின் அடியிலேயே பெயிண்ட் பேனாவால் எழுதிவிட்டேன். என் பாத்திரம் 640 கிராம். அரிசியையும் உளுந்தையும் அரைத்து, கிரைண்டரைக் கழுவிய தண்ணீரையும் ஊற்றி, உப்புப் போட்டுக் கையால் நன்றாகக் கலந்த பிறகு பாத்திரத்தோடு எடை போட்டேன். 1960 கிராம் காட்டியது. 640-ஐக் கழித்தால் மாவு 1320 கிராம்.

கிரைண்டர் கழுவிய தண்ணீரைச் சேர்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கல்லிலும் சுவரிலும் 40 கிராம் மாவு ஒட்டிக்கொண்டு சாக்கடைக்குப் போனால், அதிலிருந்த கலோரியும் மிச்ச மாவின் கணக்கிலேயே ஏறிவிடும். இந்த மாவில் அது 3 சதவீதம் போல வரும். பெரிய பிழை இல்லைதான். ஆனால் அரைக் கைத் தண்ணீரில் அதைத் தவிர்த்துவிடலாம்.

இப்போது 1747-ஐ 1320-ஆல் வகுத்தால் 1.32 வருகிறது. அதாவது இந்த மாவில் ஒவ்வொரு கிராமுக்கும் 1.32 கலோரி. இந்த எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பாத்திரத்தின் மூடியில் ஒட்டிவிடுங்கள். இந்த மாவு தீரும்வரை இதுதான் உங்களுக்கு வேண்டும். காலையில் மாவு பொங்கி மேடையெல்லாம் வழிந்திருந்தாலும் கவலையில்லை. வழிந்தது போக மிஞ்சிய மாவிலும் கிராமுக்கு அதே 1.32தான்.

கடைசி வேலை, ஒரு இட்லிக்கு எத்தனை கிராம் மாவு போகிறது என்று பார்ப்பது. இட்லித் தட்டைத் தராசில் வைத்து ஒவ்வொரு குழியாக ஊற்றி எடை பார்க்கலாம். ஆனால் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போது அது தொல்லை. அதைவிட எளிய வழி, மாவுப் பாத்திரத்தையே ஊற்றுவதற்கு முன்பும் பின்பும் எடை போடுவது. ஒரு ஈடு ஊற்றுவதற்கு முன் என் பாத்திரம் 1952 கிராம் இருந்தது. இரவில் 1960 இருந்ததில் 8 கிராம் குறைந்திருக்கிறது. வாயுவும் ஆவியுமாகப் போனது அது, அதைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை. எட்டு குழிகளில் ஊற்றிய பிறகு பாத்திரம் 1596 காட்டியது. வித்தியாசம் 356 கிராம். எட்டால் வகுத்தால் ஒரு இட்லிக்கு 44.5 கிராம் மாவு.

44.5 × 1.32 = 58.7

ஆக என் வீட்டு இட்லி ஒன்றுக்கு 59 கலோரி, மூன்று இட்லிக்கு ஏறக்குறைய 176. எட்டு இட்லியும் ஒரே அளவில் இருக்காது, ஓரத்துக் குழி இட்லி ஒன்றிரண்டு கிராம் கூடக் குறைய இருக்கும். சாப்பாட்டுக் கணக்குக்கு அந்தத் துல்லியம் தேவையில்லை.

ஊற்றுவதற்கு முன் மாவை அடிவரை ஒருமுறை கலக்கிவிடுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு நாள் இருந்த மாவில் தண்ணீர் பிரிந்து நிற்கும். அப்படியே அள்ளினால் ஒரு கரண்டியில் தண்ணீரும் அடுத்த கரண்டியில் கெட்டி மாவும் வந்து, 1.32 என்பது எந்தக் கரண்டிக்கும் பொருந்தாமல் போகும்.

இதையே கரண்டிக் கணக்கில் பார்த்தால் என்ன என்று தோன்றலாம். அது சரிவராது. புளிப்பதற்கு முன் ஒரு கரண்டி மாவில் இருந்ததைவிட, பொங்கிய மாவில் ஒரு கரண்டியில் தானியம் குறைவு, நடுவில் காற்று நிறைய. கலக்கக் கலக்க அந்தக் காற்றும் வெளியேறும். அந்தக் காற்றின் எடை மிகமிகக் குறைவு என்பதால் தராசு மட்டும் ஏமாறாது.

வெந்த இட்லியை எடுத்து எடை பார்த்தால் போதாதா என்றும் கேட்பார்கள். சூடாக எடுத்த இட்லி மாவின் எடைக்கு ஓரிரு கிராம் முன்னே பின்னே இருக்கும். மூடியிலிருந்து தண்ணீர் சொட்டினால் கூடும், ஆறி மேல்புறம் காய்ந்தால் குறையும். காலையில் சுட்ட இட்லி மதியத்தில் இரண்டு கிராம் இளைத்திருந்தாலும் அதன் கலோரி இளைப்பதில்லை. அதனால் ஊற்றும் மாவின் எடையையே நம்புங்கள்.

இனி தப்பு எங்கே நடக்கும் என்று பார்ப்போம். நான் முதல் தடவை கணக்குப் போட்டபோது ஒரு இட்லிக்கு 29 கலோரி வந்தது. சந்தோஷமாக ஆறு இட்லி தின்றுவிட்டுத்தான் யோசித்தேன். கைப்பேசிச் செயலியில் புழுங்கல் அரிசி என்று நினைத்து boiled rice என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தேன். நம் ஊர் மளிகைக் கடையில் அந்தப் பெயர் புழுங்கல் அரிசியைக் குறிக்கும். ஆனால் கலோரிப் பட்டியல்களில் அது வேகவைத்த சோறு. சோற்றில் பெரும்பகுதி தண்ணீர், அதனால் 100 கிராமுக்கு 130 கலோரி அளவில்தான் இருக்கும். 400 கிராம் அரிசியைச் சோறாக எண்ணியதால் 1408 வரவேண்டிய இடத்தில் 520 வந்திருக்கிறது. செயலியில் தேடுபவர்கள் parboiled, raw அல்லது uncooked, dry என்ற சொற்கள் இருக்கிறதா என்று பாருங்கள். 100 கிராமுக்கு 340-இலிருந்து 360 வரை காட்டினால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள்.

இரண்டாவது தப்பு, ஊறிய பிறகு எடை போடுவது. அரிசி ஊறினால் எடை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கூடும். உளுந்து இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். என் அளவுகளில் அரிசி 520, உளுந்து 215 என்று காட்டியிருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அவற்றைக் காய்ந்த தானியத்தின் கலோரியால் பெருக்கினால் மொத்தம் 2540-ஐத் தாண்டி, ஒரு இட்லி 86 கலோரி ஆகிவிடும். தானியம் குடித்த தண்ணீருக்கெல்லாம் கலோரி போட்டிருக்கிறோம் என்று அர்த்தம். ஊறவைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது என்றால், அந்தத் தடவை கணக்கை விட்டுவிட்டு அடுத்த மாவுக்குப் போடுவதே நல்லது.

மூன்றாவது, பாத்திரத்தின் எடையைக் கழிக்க மறப்பது. 1747-ஐ 1960-ஆல் வகுத்தால் 0.89 வரும், இட்லி 40 கலோரி என்று காட்டும். இந்தத் தப்புதான் ஆபத்து, ஏனென்றால் 40 என்பது நம்பும்படியான எண். அதனால் இட்லியின் கலோரியைப் பார்ப்பதற்கு முன் கிராமுக்கு எத்தனை என்ற எண்ணைப் பாருங்கள். வழக்கமான பதத்தில் இருக்கும் வீட்டு இட்லி மாவுக்கு அது 1.2-இலிருந்து 1.6-க்குள் விழும். 1-க்குக் கீழே வந்தால் பாத்திரத்தையோ சோற்றையோ சந்தேகிக்கலாம். 1.8-ஐத் தாண்டினால் ஊறிய எடையைப் போட்டிருப்பீர்கள்.

கொஞ்ச நாள் இப்படிக் கணக்குப் போட்டால் ஒரு விஷயம் கண்ணில் படும். அரிசிக்கும் உளுந்துக்கும் கலோரி கிட்டத்தட்ட ஒன்றுதான். நாலுக்கு ஒன்று போடுகிறீர்களா, மூன்றுக்கு ஒன்றா என்பதால் புரதம் மாறும், கலோரி அவ்வளவாக மாறாது. அதை மாற்றுவது ஒரு இட்லிக்குள் எத்தனை கிராம் காய்ந்த தானியம் போகிறது என்பதுதான். என் மாவில் 505 கிராம் தானியம் 1320 கிராம் மாவாகியிருக்கிறது. 44.5 கிராம் இட்லியில் 17 கிராம் தானியம். அதை 3.5-ஆல் பெருக்கினால் 59, 60 என்று அதே விடை வந்து நிற்கிறது. அவசரத்துக்கு இந்தக் குறுக்கு வழியே போதும்.

உளுந்து வேறொரு வழியில் கணக்கை மாற்றும். நல்ல உளுந்தாக இருந்தால் அரைக்க அரைக்கத் தண்ணீர் வாங்கிக்கொண்டே பந்து போலப் பொங்கும். இந்தத் தடவை மாவு நன்றாகக் கண்டது என்று சொல்வோமே, அதுதான். பழைய உளுந்தாக இருந்தால் அவ்வளவு தண்ணீர் தாங்காது, மாவு குறைவாகவே காணும். அதே 505 கிராம் தானியம் 1320-க்குப் பதில் 1200 கிராம் மாவுதான் ஆனது என்றால், கிராமுக்கு 1.46 கலோரி. அதே 44.5 கிராம் இட்லி 65 கலோரி ஆகிவிடும். அளவு மாறவில்லை, தட்டு மாறவில்லை, உளுந்து மூட்டை மட்டும் மாறியிருக்கிறது. அதனால் மாவை ஒவ்வொரு தடவையும் எடை போடச் சொல்கிறேன். குழிக்கு எத்தனை கிராம் என்பதை மட்டும் ஒருமுறை பார்த்தால் பல மாதம் வண்டி ஓடும்.

அவல், ஜவ்வரிசி சேர்ப்பவர்கள் அவற்றையும் காய்ந்த எடையில், கிராமுக்கு 3.5 என்று சேர்த்துக்கொள்ளலாம். மீந்த சோற்றைப் போட்டு அரைத்தால் மட்டும் அதற்குக் கிராமுக்கு 1.3. இங்கே சோறு உண்மையாகவே சோறு. கருப்பு உளுந்தை ஊறவைத்துத் தோலை அலசித் தள்ளுபவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. எடை போட்டதில் ஒரு பகுதி தோலோடு போய்விடும். தோல் பெரும்பாலும் நார்ச்சத்து என்பதால் போகும் கலோரி குறைவு. முழுக் கருப்பு உளுந்துக்கான எண்ணையே போட்டுக்கொள்ளுங்கள். அது தோல் நீக்கியதைவிடக் குறைவு, 100 கிராமுக்கு 290 அளவில் இருக்கும்.

மூன்றாம் நாள் மிச்ச மாவில் தண்ணீர் விட்டுத் தோசை வார்க்கும்போது மூடியிலுள்ள எண் செல்லாது. 700 கிராம் மாவு மிச்சம் இருக்கிறது என்றால் அதில் 924 கலோரி. 50 கிராம் தண்ணீர் விட்டால் மாவு 750 கிராம் ஆகும், கலோரி அதே 924. வகுத்தால் கிராமுக்கு 1.23. புது எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்.

கடையில் வாங்கிய மாவுக்கு இந்த முறை பயன்படாது, உள்ளே எவ்வளவு தானியம் என்று நமக்குத் தெரியாதே. பாக்கெட்டில் 100 கிராமுக்கு இத்தனை என்று போட்டிருந்தால், முன்னும் பின்னும் எடை போடும் வேலையை மட்டும் செய்து அந்த எண்ணால் பெருக்கிக்கொள்ளலாம்.

தட்டில் தடவும் எண்ணெயையும் விட்டுவிட முடியாது. ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரி. எட்டுக் குழிக்கு 3 கிராம் தடவினால் இட்லிக்கு 3 கலோரி ஏறும். துணி போட்டு ஊற்றும் வீடுகளில் இதுவும் இல்லை. ஆனால் பொடிக்கு ஊற்றும் நல்லெண்ணெய்க்கு இப்படிக் கருணை காட்ட முடியாது. ஒரு தேக்கரண்டி எண்ணெய்க்கு 40 கலோரி போட வேண்டும், எங்கள் வீட்டில் ஒரு கரண்டியோடு யாரும் நிறுத்தியதில்லை. இரண்டு கரண்டி ஊற்றினால், தட்டிலிருக்கும் மூன்று இட்லியோடு கணக்கில் இன்னும் ஒன்றேகால் இட்லிக்கு மேல் சேர்ந்துவிடுகிறது.